இரவு இரண்டு மணிக்கு ஒரு 120 மில்லி பால்

புட்டிப்பால் தொடங்கிய முதல் வாரத்தில் நான் செய்தது இதுதான். பாட்டிலில் நான்கு ஸ்கூப் பவுடரைப் போட்டேன். மேலே 120 என்று அச்சிட்டிருந்த கோடு வரை வெந்நீர் ஊற்றினேன். மூடிக் குலுக்கினேன். மாமியார் பக்கத்தில் நின்று, "ஸ்கூப்பை இன்னும் கொஞ்சம் குவிச்சுப் போடும்மா, பிள்ளை விடியுற வரைக்கும் தூங்கும்" என்றார். சரி அத்தை என்று குவித்தே போட்டேன். பிள்ளை தூங்கவில்லை. நான்காம் நாள் மலம் சின்னச் சின்ன உருண்டையாக, கெட்டியாக வந்தது. அழுகை வேறு நிற்கவில்லை. பசிதான் என்று நினைத்து இன்னொரு பாட்டில் கலந்து கொடுத்தேன்.

மருத்துவமனையில் இருந்த செவிலியர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "வீட்டில் எப்படிக் கலக்குவீர்களோ, அப்படியே இங்கே செய்து காட்டுங்கள்" என்றார். பாதி செய்து காட்டுவதற்குள் இரண்டு தவறுகளைப் பிடித்துவிட்டார். மூன்றாவதை, தண்ணீர் எவ்வளவு சூடு என்று கேட்டுப் பிடித்தார். அன்று அவர் சொன்னதையும், பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து, ஒரே ஒரு 120 மில்லி பாட்டிலை முதலிலிருந்து கடைசிவரை கலந்து காட்டுகிறேன்.

முதலில் தண்ணீர்

தண்ணீரைக் கொதிக்க வைப்பது தண்ணீரில் உள்ள கிருமிக்காக என்றுதான் பலரும் நினைக்கிறோம். பாதிதான் சரி. பவுடரிலும் கிருமி இருக்கலாம். டப்பாவில் அடைத்து சீல் வைத்து வருவதால் அது முழுக்கக் கிருமி நீக்கியது என்று தோன்றும்; அப்படி இல்லை. தயாரிக்கும்போது பாலைச் சூடாக்கிக் கிருமியை அழிக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு உலர்த்தும்போதும், கலக்கும்போதும், அடைக்கும்போதும் ஏதாவது ஒன்று உள்ளே நுழைந்துவிட வாய்ப்பு உண்டு. வீட்டில் டப்பாவைத் திறந்த பிறகும் நுழையலாம். குரோனோபாக்டர் என்றொரு பாக்டீரியா இருக்கிறது. ஈரமே இல்லாத பவுடரில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் திறமை அதற்கு உண்டு. அதனால் வரும் நோய் மிக அரிது. ஆனால் பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு வந்தால் இரத்தத்திலும் மூளை உறையிலும் தொற்றாகி உயிருக்கே ஆபத்தாகும்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட வழிகாட்டியில், பவுடரைக் கலக்கும் தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்று வைத்தார்கள். அந்தச் சூட்டில் பவுடரில் உள்ள கிருமி விரைவில் செத்துவிடும். கொதிக்க வைத்து முழுக்க ஆறவிட்ட தண்ணீரில் கலந்தால், தண்ணீர் சுத்தம்தான். பவுடரில் இருப்பதை அது ஒன்றும் செய்யாது. வெதுவெதுப்பான தண்ணீர் இன்னும் மோசம். கிருமி வளர்வதற்கு ஏற்ற சூடு அதுதான்.

70 டிகிரியை எப்படிக் கண்டுபிடிப்பது? உணவுக்கான தெர்மாமீட்டர் இருந்தால் கவலையே இல்லை. இல்லாதவர்களுக்குச் சொல்லப்படும் வழி: ஒரு லிட்டர் தண்ணீரைக் கெட்டிலில் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடியபடியே வைத்து, அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுவது. இதில் பலர் கவனிக்காத விஷயம் அந்த 'ஒரு லிட்டர்'. ஒரு பாட்டிலுக்குத்தானே என்று சின்னப் பாத்திரத்தில் 150 மில்லியை மட்டும் கொதிக்கவிட்டு, திறந்துவைத்து, அரை மணி நேரம் கழித்து எடுத்தால் அது 70-ஐத் தாண்டி எப்போதோ இறங்கியிருக்கும். கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் ஆறும். ஆகவே ஒரு பாட்டிலுக்கென்றாலும் ஒரு லிட்டர் கொதிக்க வையுங்கள். ஏற்கெனவே ஒருமுறை கொதித்து கெட்டிலில் மிஞ்சிக் கிடப்பதை மறுபடி கொதிக்க வைக்காமல் புதிதாகப் பிடித்த தண்ணீரை வையுங்கள்.

அதற்காகக் கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றவும் வேண்டாம். பவுடர் கட்டிகட்டியாகத் திரளும், சில வைட்டமின்கள் கூடுதலாக வீணாகும், கையும் வெந்துபோகும். கொதி அடங்கியபின், 70-க்கு மேலே இருக்கும்போதே எடுப்பதுதான் கணக்கு.

இங்கே ஒரு குழப்பம் வரும். சில டப்பாக்களில் 'கொதிக்க வைத்து 40 டிகிரிக்கு ஆறவிட்ட நீர்' என்று அச்சிட்டிருக்கும். பவுடரில் நன்மை செய்யும் பாக்டீரியா சேர்த்திருந்தால் அது சூட்டில் செத்துவிடும் என்பது அதற்கு ஒரு காரணம். குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகவில்லை, குறைமாதத்தில் பிறந்தது, அல்லது நோய் எதிர்ப்பு சக்தி குறைவு என்றால் இந்த முரண்பாட்டை நீங்களே தீர்க்கப் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு, கலக்கவே தேவையில்லாமல் திரவமாகவே கிருமி நீக்கி அடைத்து வரும் பால் கிடைத்தால் அதைத்தான் முதலில் பரிந்துரைப்பார்கள். பவுடரே வழி என்றால், என் பார்வையில் 70 டிகிரியில் பிடிவாதமாக நிற்பதுதான் சரி.

கோடு, ஸ்கூப், தலைதட்டல்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்தாயிற்று. பாட்டில், நிப்பிள், மூடி எல்லாம் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுத்தாயிற்று. இப்போது தண்ணீர். எப்போதும் தண்ணீர்தான் முதலில், பவுடர் பிறகு. பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அளவு பார்க்காதீர்கள், சாய்ந்துவிடும். மேசையில் வைத்து, நீங்கள் குனிந்து, கோடு கண்ணுக்கு நேராக வரும்படி பாருங்கள். தண்ணீரின் மேல்மட்டம் ஓரங்களில் லேசாக ஏறி நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழியின் அடி 120-ல் நிற்க வேண்டும்.

அடுத்தது ஸ்கூப். உங்கள் டப்பாவுக்குள் வந்த ஸ்கூப்பை மட்டுமே பயன்படுத்துங்கள். ஒரு வகைப் பவுடரில் 30 மில்லிக்கு ஒரு ஸ்கூப், இன்னொன்றில் 60 மில்லிக்கு ஒரு ஸ்கூப், வேறொன்றில் 50-க்கு என்று இருக்கும். பழைய டப்பாவின் ஸ்கூப்பைப் புது வகை டப்பாவில் போட்டு அளந்தால், அளவே பாதியாகிவிடலாம் அல்லது இரண்டு மடங்காகிவிடலாம். நான் இங்கே 30 மில்லிக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்கிறேன். ஆகவே 120-க்கு நான்கு.

ஸ்கூப்பைப் பவுடருக்குள் தளர்வாக விட்டு அள்ளுங்கள். டப்பாவின் பக்கத்தில் வைத்து அழுத்தக் கூடாது, அடியில் தட்டித் தட்டி இறுக்கவும் கூடாது. அள்ளியதும் மேலே குன்றுபோல நிற்கும். டப்பாவின் வாயில் இதற்கென்றே ஒரு நேரான விளிம்பு இருந்தால் அதில் இழுத்து வழியுங்கள். இல்லையென்றால் சுத்தமான, உலர்ந்த கத்தியின் முதுகால் ஒரே இழுப்பு. நம் மொழியிலேயே அதற்கு வார்த்தை இருக்கிறது: தலைதட்டி அளப்பது. வழித்த பிறகு பவுடரின் மேல்பரப்பு ஸ்கூப்பின் விளிம்போடு ஒரே தளமாக, மாவு பூசிய தரைபோல இருக்கும். நடுவில் குழி தெரிந்தால் குறைவாக அள்ளியிருக்கிறீர்கள். கொட்டிவிட்டு மறுபடி அள்ளுங்கள். அரை ஸ்கூப் என்ற ஒன்று வேண்டவே வேண்டாம். அரை என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

போடும்போது வாய்விட்டு எண்ணுங்கள். சிரிக்காதீர்கள், தூக்கக் கலக்கத்தில் மூன்றா நான்கா என்பது நிஜமாகவே மறந்துபோகும். என் கணவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: தேவையான நான்கு ஸ்கூப்பைப் படுக்கப்போகும் முன்பே உலர்ந்த சின்ன மூடி டப்பாவில் அளந்து வைத்துவிடுவது. இரவில் எண்ணிக்கையே இல்லை, கொட்டினால் போதும். எண்ணிக்கை எங்கேயாவது தவறிவிட்டது என்று சந்தேகம் வந்தால், பாட்டிலைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் ஒரே வழி.

இப்போது நான் செய்த தவறுக்கு வருகிறேன். கணக்காகவே பார்த்தால்தான் எவ்வளவு பெரியது என்று புரியும். தலைதட்டிய ஒரு ஸ்கூப் 4.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கு 18 கிராம். அது 120 மில்லி தண்ணீரில் கரைய வேண்டும். நானோ பவுடரை முதலில் போட்டேன். 18 கிராம் பவுடர் கரைந்ததும் ஏறக்குறைய 13 மில்லி இடத்தை அடைத்துக்கொள்ளும். 120 கோடு வரை ஊற்றினேன் என்றால் உள்ளே போன தண்ணீர் 107 மில்லிதான். இதிலேயே பால் சுமார் 12 சதவீதம் கெட்டியாகிவிட்டது. அதோடு குவித்தும் போட்டேன். குவித்த ஸ்கூப் 5.5 கிராம் என்றால் நான்குக்கு 22 கிராம், தண்ணீர் 104 மில்லி. சரியான பாலைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகக் கெட்டி. ஒவ்வொரு வேளையும், நான்கு நாள். (தண்ணீரை முதலில் அளந்தால், கலந்த பால் 120 கோட்டைத் தாண்டி 133 அளவில் நிற்கும். அது சரிதான், பயந்து எதையும் கொட்ட வேண்டாம்.)

கெட்டிப் பால் என்றால் சத்துப் பால் என்று வயிறு நினைப்பதில்லை. அதிலுள்ள உப்பையும் புரதத்தின் கழிவையும் வெளியேற்றக் குழந்தையின் சிறுநீரகத்துக்குத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் பாலில் இல்லாததால் உடம்பிலிருந்து போகிறது. குழந்தைக்குத் தாகம் எடுக்கிறது, அழுகிறது, நாம் பசி என்று நினைத்து அதே கெட்டிப் பாலை மறுபடி கொடுக்கிறோம். நான் செய்தது சரியாக இதைத்தான். மலம் உருண்டையாவது, சிறுநீர் நனைக்கும் துணி குறைவது, சிறுநீர் அடர் மஞ்சளாவது, காரணமில்லாத சிடுசிடுப்பு எல்லாம் அதன் அடையாளம். இரத்தத்தில் உப்பு மிகவும் ஏறினால் குழந்தை சோர்ந்து துவண்டுவிடும், வலிப்புகூட வரலாம். துவளல் தெரிந்தால் வீட்டில் தண்ணீர் கொடுத்துச் சரிசெய்யப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று ஒரு ஸ்கூப்பைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டுவது. வயிறு நிறையும், எடை ஏறாது. அதைவிட மோசம், அதிகப்படித் தண்ணீர் இரத்தத்திலுள்ள உப்பை நீர்த்துப்போகச் செய்யும். அதனாலும் வலிப்பு வரும். இரண்டு பக்கமும் பள்ளம் என்பதால்தான் தலைதட்டுவதில் இவ்வளவு கறார்.

அளந்தாயிற்றா, ஸ்கூப்பை உலர்ந்தபடியே டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். கழுவினால் முழுக்கக் காய்ந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். ஒரு சொட்டு ஈரம் போதும், பவுடர் கட்டியாகிக் கிருமிக்கு வீடாகிவிடும். டப்பாவை ஃப்ரிட்ஜில் வைக்காததற்கும் அந்த ஈரம்தான் காரணம். திறந்த தேதியை மூடிமேல் எழுதிவிடுங்கள். பெரும்பாலான பவுடர்களுக்கு அங்கிருந்து ஒரு மாதம்தான்.

கலக்கி, ஆற்றி

பவுடர் போட்டு மூடியபின் உடனே பலமாகக் குலுக்காதீர்கள். உள்ளே இருப்பது வெந்நீர். குலுக்கினால் ஆவி விரிந்து நிப்பிள் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். ஒருமுறை என் மணிக்கட்டில் பட்டது, இரண்டு நாள் சிவந்திருந்தது. பாட்டிலோடு வரும் தட்டையான அடைப்பு மூடி இருந்தால் நிப்பிளுக்குப் பதில் அதைப் போட்டு மூடுங்கள். முதலில் பாட்டிலைச் சுழற்றுங்கள், அப்புறம் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்குங்கள். நுரையும் குறையும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பாட்டிலின் சுவரில் ஒட்டிய வெள்ளைத் துணுக்குகள் தெரியக் கூடாது.

இந்தச் சூட்டில் குடிக்க முடியாது. கிண்ணத்தில் குளிர்ந்த நீர் வைத்துப் பாட்டிலை அதில் நிறுத்துங்கள், அல்லது ஓடும் குழாய் நீரில் பிடியுங்கள். தண்ணீர் மூடியின் விளிம்பைத் தொடக் கூடாது. அந்த இடுக்கு வழியாக உள்ளே போகும். சில நிமிடங்களில் ஆறிவிடும். நடுநடுவே சுழற்றுங்கள், இல்லையென்றால் ஓரம் குளிர்ந்து நடு சூடாகவே இருக்கும். வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கத்தில் இரண்டு சொட்டு. சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருந்தால் சரியான பதம்.

மைக்ரோவேவில் பாலைச் சூடாக்க வேண்டாம். பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே எங்கோ ஒரு பகுதி கொதித்துக்கொண்டிருக்கும்.

இனி கடிகாரம்

70 டிகிரித் தண்ணீர் பெரும்பாலான கிருமியைக் கொன்றுவிடும். ஆனால் ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம், நிப்பிளிலிருந்தோ கையிலிருந்தோ புதிதாகவும் ஏறியிருக்கலாம். கலந்த பால் அவற்றுக்கு நல்ல சாப்பாடு. 23 டிகிரி என்ற சாதாரண அறைச் சூட்டில் குரோனோபாக்டர் ஏறக்குறைய 40 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இரண்டு மணி நேரத்தில் மூன்று இரட்டிப்பு: ஒன்று எட்டாகும். எட்டு மணி நேரம் மேசைமேல் விட்டால் பன்னிரண்டு இரட்டிப்பு: ஒன்று 4,096 ஆகும். அறை இன்னும் சூடாக இருந்தால் வேகமும் கூடும். கலந்த பால் அறையில் இரண்டு மணி நேரம்தான் நிற்கலாம் என்பதன் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். அதற்குள் வாய் வைக்கவில்லை என்றாலும் கொட்டிவிட வேண்டும்.

குழந்தை வாய் வைத்துவிட்டால் இன்னொரு கடிகாரமும் ஓடத் தொடங்கும். உமிழ்நீர் நிப்பிள் வழியாகப் பாலுக்குள் போகும். குடிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரம், அவ்வளவுதான். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த வேளைக்குக் கொடுக்கலாமா என்று எல்லோருமே கேட்கிறார்கள். கூடாது.

வாய் வைக்காத பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கலாம், 24 மணி நேரம்வரை. அதற்கு நிபந்தனை இருக்கிறது. கலந்ததும் வேகமாக ஆற்றிவிட்டு உடனே உள்ளே போக வேண்டும். ஃப்ரிட்ஜ் 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். கதவில் வைக்காமல் பின்பக்கத் தட்டில் வைக்க வேண்டும். கதவு திறக்கும்போதெல்லாம் அங்கே சூடாகும். எடுத்த பிறகு வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குவதற்கு 15 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். சூடாக்கியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள். ஆனாலும் அவ்வப்போது கலப்பதே நல்லது. ஃப்ரிட்ஜ் கிருமியை மெதுவாக்கும், கொல்லாது.

அப்படியானால் இரவில் என்ன செய்வது? எங்கள் வீட்டில் இப்படி. படுக்கும் முன் ஃப்ளாஸ்கில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி உள்ளே சூடேற்றிக் கொட்டிவிட்டு, அப்போதுதான் கொதித்த தண்ணீரை நிறைய ஊற்றி இறுக மூடுவோம். முதல் வாரம் தெர்மாமீட்டர் வைத்துச் சோதித்தோம்: அந்த ஃப்ளாஸ்கில் தண்ணீர் எத்தனை மணி நேரம்வரை 70-க்கு மேல் நிற்கிறது என்று. ஒவ்வொரு ஃப்ளாஸ்க்கும் ஒவ்வொரு விதம், உங்களுடையதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். வெளியே போகும்போதும் இதே ஏற்பாடுதான்: ஃப்ளாஸ்கில் வெந்நீர் தனி, டப்பாவில் அளந்த பவுடர் தனி, காலி பாட்டில் தனி. கலந்த பாலைப் பையில் போட்டுக்கொண்டு அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு இரவு நடந்ததைச் சொல்கிறேன். 2:05-க்கு அழுகை. 2:07-க்குத் தண்ணீர் 120, பவுடர் நான்கு. 2:15-க்கு மணிக்கட்டில் சொட்டு, சரி. 2:20-க்குக் குடிக்கத் தொடங்கினான். ஏறக்குறைய பாதியில் தூங்கிவிட்டான். பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துவிட்டு நானும் தூங்கினேன். 3:40-க்கு மறுபடி அழுகை. கை தானாகத் தலைமாட்டுப் பாட்டிலுக்குத்தான் போனது. கலந்து இரண்டு மணி நேரம் ஆகவில்லைதான், ஆனால் வாய் வைத்து ஒரு மணி நேரம் இருபது நிமிடம். தொட்டியில் கொட்டிவிட்டு, 60 மில்லி தண்ணீர், இரண்டு ஸ்கூப் என்று சின்னதாக ஒன்று கலந்தேன். அன்றிலிருந்து அந்த நடு இரவு வேளைக்கு 60-தான் முதலில் கலக்குவது. போதவில்லையென்றால் இன்னொரு 60.